தைப்பூசத்துக்குப் பிறகு இருபது நிமிடம் பேச முடியுமா என்று கேட்டு

பரமேஸ்வரி அக்காவுக்கு வணக்கம்.

வயர் பாண்டிங் பகுதியில் பி ஷிப்ட் டெக்னீஷியன் தர்ஷினி எழுதுகிறேன். தைப்பூசம் முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு, உங்களுக்கு வசதிப்படும் ஒரு நாளில் இருபது நிமிடம் உங்களோடு உட்கார்ந்து பேச முடியுமா அக்கா? ஒரே ஒரு முறை போதும்.

கேட்க வந்தது இவ்வளவுதான். வேலை குவிந்து கிடந்தால் இத்தோடு நிறுத்திவிட்டு, ‘முடியும்’, ‘இப்போது முடியாது’ என்று ஒரு வரி போட்டால் போதும். ஏன் உங்களைத் தேடி வருகிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அதை அவகாசம் இருக்கும்போது படியுங்கள். படிக்காமலே பேச வந்தாலும் குறையில்லை. சுருக்கமாக எழுதித்தான் பார்த்தேன். சுருக்கியதில், எதற்கோ சிபாரிசு கேட்டு வருகிற மாதிரி தொனித்தது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

போன அக்டோபரில் செம்புக் கம்பி லைனில் பந்து பேடில் ஒட்டாமல் போன பிரச்சினை உங்களுக்கு நினைவிருக்கும். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய எட்டு-டி அறிக்கையின் முதல் வரைவை எழுதியது நான். மூல காரணம் என்ற கட்டத்தில் ‘கப்பிலரி தேய்மானம்’ என்று போட்டிருந்தேன். அப்போது அதை நான் முழுக்க நம்பினேன். கப்பிலரியை மாற்றியதும் மூன்று நாள் அலாரம் வரவில்லை. கேஸ் அளவு சரி, இழுவிசைச் சோதனை சரி, படம் வைத்தாயிற்று, வரைபடம் வைத்தாயிற்று. நான்காம் நாள் மறுபடி வந்தபோது, புதுக் கப்பிலரியும் மோசமான தொகுதியிலிருந்து வந்திருக்கலாம் என்று இன்னொரு வரி சேர்த்தேன்.

அந்த வரைவைப் பார்க்கத்தான் கூட்டம் கூடினோம். பத்துப் பேர் இருந்தோம். ஆளுக்கொரு இயந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கடைசி வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டீர்கள்: “இது எந்தக் கிழமை, எந்த மணியில வருதுன்னு பாத்தியாம்மா?”

நான் பார்த்திருக்கவில்லை. எந்த இயந்திரம், எந்த லாட், எந்த ஆபரேட்டர், எந்தக் கம்பிச் சுருள் என்று பிரித்துப் பார்த்திருந்தேன். கிழமை வாரியாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. ஆறு வாரத் தரவும் அதே கணினியில் இருந்தது. அன்று இரவே திறந்து அடுக்கினேன். பாதிக்கு மேல் வெள்ளிக்கிழமை பிற்பகலில் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு வழி தானாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை தொழுகை இடைவேளை. அந்த நேரத்தில் லைனில் ஆள் குறைவு என்பதால் பாண்டர்களில் பாதி நிற்கும். ஆனால் பிளாஸ்மா கிளீனிங் மட்டும் வழக்கமான வேகத்தில் பன்னிரண்டரை வரை மேகசின்களைச் சுத்தம் செய்து தள்ளிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்த லீட்ஃபிரேம்கள் அலமாரியில் காத்துக் கிடந்தன. பேடின் மேல் மறுபடி மாசு படிய அந்த நேரம் போதும். காத்திருப்புக்கு வரம்பு விதிமுறையில் உண்டு. அட்டவணை போட்ட எங்களில் ஒருவரும் வெள்ளிக்கிழமையை அந்த வரம்போடு சேர்த்து யோசிக்கவில்லை. பிளாஸ்மாவை பன்னிரண்டு மணிக்கு முன்பே நிறுத்தி, இடைவேளைக்குப் பிறகு தொடங்கும்படி மாற்றினோம். ஒரு ரிங்கிட் செலவில்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமை அலாரம் மற்ற நாள்களின் அளவுக்கு இறங்கிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன். நீங்கள் அதற்குள் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டீர்கள். இந்தக் கடிதத்தில்தான் சொல்கிறேன், நன்றி அக்கா. விடையை நீங்கள் அப்போதே ஊகித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் என்னைப் பார்க்க விட்டீர்கள். பத்துப் பேர் முன்னால் என் வரைவு தப்பு என்று சொல்லவும் இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவும் பாயான் லெப்பாசில் ஆபரேட்டராக இருந்தவர். பட்டர்வொர்த்தில் வீடு. பாலம் 1985இல்தான் திறந்தது. அதற்கு முன் இருட்டோடு எழுந்து ஃபெரி ஏறி, இந்தப் பக்கம் வந்து கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். வேலை முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கம்பிகளைப் பார்ப்பது. “நாங்க பாத்துக்கிட்டேதான் இருந்தோம், என்ன பாத்தேன்னு யாரும் கேட்டதில்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. எங்கள் லைனிலும் வெள்ளிக்கிழமை மதியம் அலமாரி நிரம்பி வழிவதை வாராவாரம் பார்த்த ஆபரேட்டர்கள் இருந்தார்கள். ஆறு வாரத்தில் அவர்களில் ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

உங்களிடம் நான் கற்றுக்கொள்ள விரும்புவது இதைத்தான். ஒரு பிரச்சினை மேசைக்கு வந்ததும் நீங்கள் எதை முதலில் பார்க்கிறீர்கள், எதைப் பிறகுக்கு வைக்கிறீர்கள், யாரிடம் போய் நிற்கிறீர்கள்? பயிற்சி வகுப்பில் ஐந்து ‘ஏன்’ கேட்கச் சொல்லித் தந்தார்கள். நானும் ஐந்தும் கேட்டேன். ஐந்தும் கப்பிலரியிலேயே போய் முடிந்தன. முதல் கேள்வியை எங்கே வைப்பது என்பது எனக்குப் பிடிபடவில்லை. நான் எழுதிய அந்தப் பழைய வரைவின் முதல் பக்கத்தை மட்டும் கொண்டு வருகிறேன். அதை முன்கூட்டிப் படிக்க வேண்டாம். அங்கேயே பார்த்து, ‘இந்த இடத்தில் நீ வேறு பக்கம் திரும்பியிருக்க வேண்டும்’ என்று விரல் வைத்துக் காட்டினால் அதுவே எனக்குப் பெரிது.

இன்னொன்றும் இருக்கிறது. நேரம் மிஞ்சினால் மட்டும். மார்ச்சுக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. லைன் லீடராகப் போகலாம் என்று ஷிப்ட் பொறுப்பாளர் சொல்கிறார். சம்பளம் கூடும், அலவன்ஸ் உண்டு. போனால் நாள் முழுக்க ஆள் கணக்கும் ஓ.டி. கணக்கும்தான். டெக்னீஷியனாகவே இருந்து பகுதிநேரமாகப் பட்டப்படிப்பை முடித்தால் புரோசஸ் பக்கம் போகலாம். அதற்கு நான்கு வருடம் போல ஆகும், வீட்டுக் கடனும் இருக்கிறது. எதைத் தேர்வு செய் என்று உங்களைக் கேட்கவில்லை. அந்தச் சுமையை உங்கள் மேல் வைப்பது நியாயமில்லை. நீங்கள் லைனிலிருந்து தரப் பிரிவுக்கு வந்தவர் என்று கேள்விப்பட்டேன். அந்த மாற்றத்தில் எது நீங்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. சொல்ல விருப்பமில்லை என்றால் நான் துருவிக் கேட்க மாட்டேன்.

ஒரு விஷயத்தை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரிவில் இடம் கேட்டு வரவில்லை. என் மேலாளரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றும் கேட்க மாட்டேன். மாதாமாதம் வந்து நிற்கவும் மாட்டேன். உங்களைச் சந்திக்கக் கேட்டிருப்பதை என் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு ஆட்சேபம் இல்லை. அதனால் உங்களுக்கு எந்தச் சங்கடமும் வராது.

நேரம் உங்கள் சௌகரியம்தான். தைப்பூசத்துக்கு நீங்கள் விடுப்பு எடுத்துத் தண்ணீர்ப் பந்தலில் நிற்பீர்கள் என்று சுமதி அக்கா சொன்னார். அதற்கு முன்னால் ஏற்பாட்டு வேலைகளும் இருக்கும். ஆகவே அதற்கு முன் வேண்டாம். திரும்பி வந்த முதல் வாரமும் வேண்டாம், மின்னஞ்சலே மலைபோல இருக்கும். அதற்கடுத்த இரண்டு வாரமும் எனக்கு இரவு ஷிப்ட், காலை ஏழுக்கு முடியும். நீங்கள் எட்டு மணிக்கு வருவதாகக் கேள்வி. நீங்கள் கேண்டீனில் பசியாறும் நேரத்தில் நான் அங்கேயே காத்திருக்க முடியும். எனக்காக நீங்கள் சீக்கிரம் வர வேண்டாம், இரவு வேலைக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எனக்குச் சிரமமில்லை. பகலில் சௌகரியம் என்றால் அதற்குப் பிறகு வரும் வாரத்தில் நான் காலை ஷிப்ட், மூன்று மணி இடைவேளையில் உங்கள் மேசைக்கே வந்துவிடுவேன். நேரில் முடியாவிட்டால் போனிலும் பேசலாம், வீட்டுக்குப் போகும் வழியில் என்றாலும் சரி. இருபது நிமிடம் ஆனதும் நானே எழுந்துவிடுவேன்.

பதில் எழுத நேரம் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை அக்கா. பிப்ரவரி கடைசி வரை பதில் இல்லை என்றால் இப்போது தோதுப்படவில்லை என்று எடுத்துக்கொள்வேன். நினைவூட்டி மறுபடி எழுத மாட்டேன், புலனத்திலும் அனுப்ப மாட்டேன். வராந்தாவில் எதிரே பார்க்கும்போது நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வழக்கம் போல வணக்கம் சொல்லிவிட்டுப் போவேன்.

இதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் வேறு யாராவது இருந்தால், பெயரை மட்டும் சொன்னாலும் அவரிடம் மரியாதையாகப் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் வேறொரு லைனில் பந்து நசுங்கும் பிரச்சினை வந்தது. இந்த முறை முதலில் ஆபரேட்டர் நூருல் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். காரணம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இடைவேளை முடிந்து ஓடத் தொடங்கும் முதல் மேகசினில்தான் கூடுதலாக வருகிறது என்று நூருல் காட்டினார். அந்தத் தாளையும் சேர்த்துக் கொண்டு வரலாமா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றால் பழைய பக்கம் மட்டும்.

அன்புடன்,
தர்ஷினி
வயர் பாண்டிங், பி ஷிப்ட்
இரண்டாம் மாடி, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்து மேசை