ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறும்போது

ஐந்தாம் வகுப்புவரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் ஆங்கில வழியில் சேர்ப்பது தமிழ்நாட்டில் இன்று வழக்கமாகிவிட்டது. 2012-13 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்ட பிறகு, தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாத வீடுகளுக்கும் இந்த வாய்ப்பு வந்தது. பெற்றோர் சொல்லும் காரணம் நியாயமானது. கல்லூரியிலும் வேலையிலும் ஆங்கிலம் இல்லாமல் பிள்ளை தலைகுனியக் கூடாது என்று நினைக்கிறார்கள். ஆனால் ஆங்கிலம் கற்பது ஒரு வேலை. ஆங்கிலத்தில் அறிவியல் கற்பது வேறொரு வேலை. பதினொரு வயதில் இரண்டையும் ஒரே ஜூன் மாதத்தில் தொடங்கினால், பாட அறிவுதான் முதலில் அடிபடுகிறது.

தொடக்க வகுப்புகளில் பாடம் பெரும்பாலும் கண்முன் இருப்பதைப் பற்றியது: இலை, வீடு, கடை, பத்து மாம்பழம். ஆசிரியர் கையில் எடுத்துக் காட்டலாம். ஆறு முதல் எட்டு வரை அந்த வசதி குறைகிறது. குறை எண், மாறி, விகிதம், அடர்த்தி, அணு, அரசியலமைப்பு ஆகியவற்றைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். மொழியின் மீது பாடம் அதிகமாகச் சாயத் தொடங்கும் அதே ஆண்டில்தான் அந்த மொழியை மாற்றுகிறோம்.

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் பேச்சுமொழித் திறனையும் கல்விமொழித் திறனையும் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் அன்றாடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடத்தைப் படித்து, ஒப்பிட்டு, காரணம் சொல்லி எழுதும் மொழி வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கு, சுற்றிலும் ஆங்கிலம் பேசப்படும் ஊரில் வளரும் பிள்ளைகளுக்கானது. வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலமே கேட்காத ஒரு சிற்றூர்ப் பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த காலம் போதும் என்று எதிர்பார்க்க இடமில்லை. ஆறாம் வகுப்பில் தொடங்கினால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இருப்பதே ஐந்து ஆண்டுகள்தான்.

கம்மின்ஸ் சொன்ன இன்னொன்றும் இங்கே முக்கியம். ஒரு மொழியில் வளர்ந்த வாசிப்புத் திறன் இன்னொரு மொழிக்குக் கடந்துபோகும். தமிழில் ஒரு பத்தியைப் படித்து அதன் சாரத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்திலும் அதைச் செய்யக் கற்றுக்கொள்ளும். தமிழிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குக் கடத்த எதுவும் இருக்காது. ஆகவே வழி மாற்றும் முன் சோதிக்க வேண்டியது முதலில் தமிழ் வாசிப்பை. ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இதுவரை படிக்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து, படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு 'என்ன சொல்லியிருக்கு?' என்று கேளுங்கள். பிள்ளையால் சொல்ல முடியவில்லை என்றால் ஆங்கில வழி அந்தக் குறையைத் தீர்க்காது, மூடி மறைக்கும்.

வகுப்பில் சிக்கல் எங்கே வருகிறது என்று பார்த்தால், கலைச்சொற்கள்தான் கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபோட்டோசிந்தசிஸ், டென்சிட்டி போன்றவை தடித்த எழுத்தில் இருக்கும், ஆசிரியர் விளக்குவார், பிள்ளை பத்து முறை எழுதிப் பார்க்கும். உண்மையில் காலை வாருபவை யாரும் சொல்லிக்கொடுக்காத சின்னச் சொற்கள்: ஹோவெவர், தேர்ஃபோர், அன்லெஸ், வேராஸ், அட் லீஸ்ட். ஒரு கூற்றுக்கும் அடுத்த கூற்றுக்கும் உள்ள உறவு இவற்றில்தான் இருக்கிறது. இவை புரியாத பிள்ளைக்குப் பத்தி முழுவதும் தனித்தனிச் செய்திகளாக உதிர்ந்துவிடும். கேள்வித்தாளிலும் இதே கதைதான். ஸ்டேட், எக்ஸ்ப்ளெயின், கம்பேர், ஜஸ்டிஃபை என்ற ஏவல் சொற்களில் எது எதைக் கேட்கிறது என்று தெரியாமல், பாடத்தில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதி வைக்கிறார்கள்.

கணக்கில் மொழிச் சிக்கல் இல்லை என்பதும் பாதி உண்மைதான். கூட்டல் பெருக்கலில் இல்லை. வாக்கியக் கணக்கில் நிறைய இருக்கிறது. 'ஓர் எண்ணைவிட 5 குறைவு' என்று தமிழில் படிக்கும்போது எண் முதலில் வருகிறது, 5 பிறகு வருகிறது. எழுத வேண்டியதும் x − 5. ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்' என்று 5 முன்னால் வருவதால், படித்த வரிசையிலேயே 5 − x என்று எழுதிவிடுகிறார்கள். 'சப்ட்ராக்ட் செவன் ஃப்ரம் ட்வெல்வ்' என்பது 7 − 12 ஆகிவிடும். ஐந்தாம் வகுப்பாக இருந்தால் 'சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாதே' என்று பிள்ளையே நின்று யோசிக்கும். குறை எண் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு −5 என்பதும் ஒழுங்கான விடையாகவே தெரியும். தவறு தன்னைக் காட்டிக்கொள்ளாது. 'அட் லீஸ்ட் 40 மதிப்பெண்' என்றால் 40-உம் அதற்கு மேலும். லீஸ்ட் என்ற சொல்லைப் பார்த்து 40-க்குக் கீழே உள்ளவர்களை எண்ணுகிறார்கள். இந்தப் பிழைகளைப் பார்த்து 'கணக்கு வராத பிள்ளை' என்று முத்திரை குத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம்.

நடுநிலை வகுப்புகளில் பயிற்றுமொழி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங் நல்ல சான்று. அங்கே சீன மொழியில் தொடக்கக்கல்வி முடித்து ஏழாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறிய மாணவர்களையும், சீன வழியிலேயே தொடர்ந்தவர்களையும் மார்ஷ், ஹாவ், காங் ஆகிய மூவரும் மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து ஒப்பிட்டார்கள். 56 பள்ளிகள், 12,784 மாணவர்கள். ஆய்வு 2000-இல் வெளியானது. ஆங்கில வழி மாணவர்களுக்கு மொழிப்பாடங்களில் சிறிது நன்மை கிடைத்திருந்தது. புவியியல், வரலாறு, அறிவியல் மூன்றிலும் இழப்பு மிகப் பெரிதாக இருந்தது. கணக்கில் இழப்பு குறைவு. தென்னாப்பிரிக்காவில் கரோல் மக்டொனால்ட் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைக் காட்டுகிறது: மொழி மாறும் ஆண்டில் பிள்ளைகளிடம் இருந்த ஆங்கிலச் சொற்கள் ஆயிரத்துக்கும் குறைவு, பாடப்புத்தகங்கள் கேட்டவையோ பல ஆயிரம். மலேசியாவில் 2003 முதல் அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டன. அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளும் இதில் அடங்கும். 2009-இல் அரசு அந்தக் கொள்கையைக் கைவிட முடிவு செய்தது.

நம் ஊரில் இந்த இழப்பு மதிப்பெண்ணில் உடனே தெரிவதில்லை. வகுப்பு நடக்கும் விதம்தான் காரணம். ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிக்கிறார், தமிழில் விளக்குகிறார், பாடத்தின் பின்னுள்ள வினாக்களுக்கு விடையைக் கோடிட்டுக் கொடுக்கிறார். பிள்ளை அதை மனப்பாடம் செய்து அப்படியே எழுதுகிறது. தமிழில் விளக்குவதில் குற்றமே இல்லை; அது இல்லாவிட்டால் ஒன்றுமே புரியாது. தமிழில் புரிந்ததற்கும் ஆங்கிலத்தில் ஒப்பித்ததற்கும் நடுவே, பிள்ளை தானாக ஒரு வாக்கியம் அமைக்கும் இடம் இல்லை என்பதே குறை. எட்டாம் வகுப்புவரை இது ஓடிவிடும். ஒன்பதில் பாடம் நீளும்போது மனப்பாடம் தாங்காது. கேள்வி கேட்கும் பழக்கம் அதற்கு முன்பே போயிருக்கும்: ஐந்தாம் வகுப்பில் 'ஏன் டீச்சர்?' என்று கேட்ட பிள்ளை, ஆறில் 'யெஸ் மிஸ்' என்று கூட்டத்தோடு சேர்ந்து சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது.

ஒரு பிள்ளை தடுமாறுவது மொழியிலா பாடத்திலா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. தவறாகச் செய்த அதே வாக்கியக் கணக்கை, எண்களை மட்டும் மாற்றி, வாய்மொழியாகத் தமிழில் சொல்லுங்கள். சரியாகச் செய்தால் பிள்ளைக்குக் கணக்கு தெரியும், கேள்வியின் மொழிதான் தடை. தமிழிலும் வரவில்லை என்றால் 'எக்ஸ் என்று வைத்து எழுது' என்று தள்ளாமல் பொருளை வைத்துக் காட்டிப் பாடத்தையே மீண்டும் தொடங்க வேண்டும். அறிவியலுக்கும் இதே முறைதான்: ஆங்கிலத்தில் எழுதிய விடையைப் பார்க்காமல் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வரிமாறாமல் எழுதிவிட்டுத் தமிழில் ஒரு வார்த்தை சொல்ல முடியாத பிள்ளை அதைப் படிக்கவில்லை, பார்த்து வைத்திருக்கிறது.

மாறித்தான் ஆகவேண்டும் என்றால், எல்லாப் பாடத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் இருப்பது நல்லது. ஹாங்காங் முடிவுகளை வைத்துப் பார்த்தால் கணக்கு முதலில், அறிவியல் அடுத்து, சமூக அறிவியல் கடைசியில் என்ற வரிசை பொருந்தும். பிரிவு ஏற்கெனவே முழு ஆங்கில வழி என்றாலும் ஆசிரியர் கையில் 40 நிமிடம் இருக்கிறது. முதல் 10 நிமிடம் தமிழில் கருத்தைப் பேசி ஒரு கேள்வியை எழுப்புங்கள். அடுத்த 20 நிமிடம், அந்தக் கேள்விக்கு விடை தேடி ஆங்கிலப் பாடத்தை வாசிக்கட்டும். கடைசி 10 நிமிடம் பிள்ளைகள் சொந்தமாக இரண்டு வாக்கியம் எழுதட்டும். பாதி வாக்கியத்தைப் பலகையில் கொடுத்து மீதியை நிரப்பச் சொல்லலாம். பாடத்துக்கு எட்டுப் புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம், அவற்றில் குறைந்தது நான்கு இணைப்புச் சொற்களாக இருக்கட்டும். முதல் பருவத்தில் விடையைத் தமிழிலோ கலந்தோ எழுதினாலும் கருத்துக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். இரண்டாம் பருவத்தில் ஒரு வரி விடைகள் ஆங்கிலத்தில். பத்தி மூன்றாம் பருவத்தில்.

இதற்குக் காசு செலவில்லை. சமச்சீர்ப் பாடப்புத்தகம் இரு மொழியிலும் ஒரே பாடத்தைக் கொண்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்ப் பதிப்பை முந்தின நாள் இரவு வீட்டில் வாசித்துவிட்டு வந்த பிள்ளைக்கு மறுநாள் ஆங்கிலப் பக்கம் பாதி தெரிந்த பக்கமாக இருக்கும். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம்: தினமும் ஐந்து நிமிடம், இன்று என்ன பாடம் என்று தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டால் போதும். விடைகளை எழுதிக்கொடுத்து ஒப்பிக்க வைக்கும் டியூஷனைவிட இது பயனுள்ளது.

வீட்டில் தெலுங்கோ உருதோ இருளமோ இந்தியோ பேசும் பிள்ளைகளுக்குத் தமிழே இரண்டாம் மொழி. அவர்களுக்கு ஆறாம் வகுப்பில் மூன்றாவது மொழி பயிற்றுமொழியாகிறது. அவர்களுக்கு மேலே சொன்ன வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் பெற்றோருக்குத் தெரிய வேண்டிய ஒரு சட்ட விவரம் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010-இல் சட்டமானது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணிக்குக் கேட்கப்படும் தகுதிவரை பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆறில் மாறினால் அது கைவிட்டுப் போகும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு பயிற்றுமொழியைப் பார்ப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும்.

மாறிய பிறகு அரையாண்டுத் தேர்வுவரை கவனியுங்கள். தமிழில் கேட்டால் விடை சொல்லும் பிள்ளை ஆங்கிலத்தில் மெல்ல மெல்ல எழுதத் தொடங்கியிருந்தால் தொடரலாம். தமிழிலும் பதில் சொல்ல முடியாமல் போயிருந்தால், தலைமையாசிரியரிடம் பேசி அதே பள்ளியின் தமிழ் வழிப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள். புத்தகம் அதே புத்தகம், பல பள்ளிகளில் ஆசிரியரும் அதே ஆசிரியர். ஆங்கிலப் பாடத்துக்கு மட்டும் தினமும் அரைமணி நேரம் கூடுதலாக ஒதுக்கி, கதைப் புத்தகம் வாசிக்க வையுங்கள். ஆறாம் வகுப்பு ஜனவரியில் இதைச் செய்வது எளிது. ஒன்பதாம் வகுப்பில் செய்ய நினைத்தால், மூன்றாண்டுப் பாடத்தை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும்.