ஒரு மழைக்கு எத்தனை குடம்?

(அமெரிக்கத் தோட்டக்காரர் ஒருவர் பீப்பாயில் மழைநீர் பிடிப்பது பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை. வேலூர் வீடுகளுக்குப் பொருந்தும்படி தமிழில்.)

மழைநாளுக்கென்று கொஞ்சம் சேர்த்து வை என்று தொடங்குகிறது மூலக் கட்டுரை. அவர்கள் ஊரில் மழைநாள் என்றால் கஷ்டகாலம். பாலாற்று மணலையே பார்த்து வளர்ந்த நமக்கு அது நல்ல காலம். அதனால் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று தொடங்குவோம்.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சாயங்காலம் இடி இடித்து 10 மில்லிமீட்டர் கொட்டினால் 930 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 62 குடம்! தெறிப்பதும் தளம் உறிஞ்சுவதும் போக ஐம்பது குடமாவது நிற்கும். தெருக்குழாயில் ஐந்து குடத்துக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

அவர் 55 கேலன் பீப்பாய் வாங்கச் சொல்கிறார். நம் ஊரில் 200 லிட்டர் நீல டிரம் அதே அளவுதான். ரசாயனம் இருந்த பழைய டிரம் மட்டும் வேண்டாம். நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆட்டம் காட்டும் கல்லின்மேல் வைக்காதீர்கள். செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசிய மேடை, இரண்டடி உயரம். அப்போதுதான் அடியில் உள்ள குழாய்க்குக் கீழே குடம் நிற்கும்.

கோடை முழுக்க மாடியில் படிந்த புழுதி, புறா எச்சம், வேப்பிலை எல்லாம் முதல் மழையோடு வரும். அந்தத் தண்ணீரை டிரம்மில் விடாமல் வெளியே ஓட விடுங்கள். அப்புறம் வருவது செடிக்கும், பாத்திரம் கழுவவும், துணி துவைக்கவும் ஆகும். குடிக்க அப்படியே எடுக்க வேண்டாம்.

குளிர்காலத்தில் பீப்பாய் உறைந்து வெடிக்கும், காலி செய்துவிடுங்கள் என்று மூலத்தில் ஒரு பத்தியே இருக்கிறது. நமக்கு அந்த இடத்தில் கொசுவைத்தான் எழுத வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரத்தில் புதுக் கொசு பறக்கும். பழைய வேட்டியை நான்காக மடித்து டிரம்மின் வாயில் இறுக்கிக் கட்டுங்கள். மேலே மூடியும் போடுங்கள், வழியும் குழாயின் வாயிலும் வலை கட்டுங்கள்.

டிரம் நிறைந்து வழிவதை அவர் புல்வெளிக்குத் திருப்புகிறார். நாம் கிணற்றோரம் ஒரு குழி தோண்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி அதற்குள் விடலாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தோமே, அதில் பெரும்பகுதி கடலுக்குத்தான் போனது. ஐப்பசி பிறப்பதற்குள் மாடியைப் பெருக்கி, குழாய் அடைப்பை எடுத்து வையுங்கள்.