முன்பின் படிக்காத பகுதியில் குறிப்பு எழுதும் முறை

முதலாண்டு இலக்கிய மாணவர்களுக்கு: நாளைய ஒரு மணி நேரத் தேர்வில் முதல் 15 நிமிடங்களைப் பென்சிலுக்கே ஒதுக்குங்கள்.

முதல் வாசிப்பில் எதையும் கோடிட வேண்டாம். பேசுவது யார், எங்கே, என்ன நடக்கிறது என்பதை மட்டும் ஓரத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். இரண்டாம் வாசிப்பில் திரும்ப வரும் சொற்களை வட்டமிட்டு, காலமோ தொனியோ மாறும் இடத்தில் குறுக்குக்கோடு இடுங்கள்.

மூன்றாம் வாசிப்புதான் உழைப்பு மிகுந்தது. ‘அம்மா விளக்கை ஏற்றினாள், இன்றும் இரண்டு தட்டுகளை வைத்தாள்’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். ‘இன்றும்’ என்பதிலுள்ள எச்சவும்மை, நேற்றும் அதற்கு முன்பும் ஒரு தட்டு வெறுமையாகவே இருந்திருக்கலாம் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. ஆகவே ஓரத்தில் ‘உம்மை’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், ‘உம்மை: பழகிப்போன காத்திருப்பு’ என அதன் விளைவையும் சேர்த்து எழுத வேண்டும். பக்கம் முழுவதும் வண்ணம் தீட்டுபவர்கள் (எல்லா வகுப்பிலும் இருவர் உண்டு) எதையுமே தேர்ந்தெடுக்காதவர்கள்.

புரியாத இடத்தை மழுப்பாமல் கேள்விக்குறி இடுங்கள். நல்ல கட்டுரை பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது. இறுதியாக, ஒன்றோடொன்று தொடர்புடைய மூன்று நான்கு குறிப்புகளை அம்புக்குறியால் இணைத்து, அவை சேர்ந்து காட்டும் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிய பிறகே விடைத்தாளைத் தொடுங்கள்.