மொட்டை மாடி, சன்ஷேட் பழுதுபார்ப்பு வேலை: குடியிருப்போருக்கு அறிவிப்பு

அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சங்கம்
மடிப்பாக்கம், சென்னை
நாள்: 24.01.2026

அனைத்து வீட்டு உரிமையாளர்களுக்கும் வாடகைக்குக் குடியிருப்போருக்கும் வணக்கம்.

டிசம்பர் மழையில் மூன்றாவது மாடி வீடுகளில் ஒழுகியது எல்லோருக்கும் தெரியும். பின்பக்க சன்ஷேட்டில் கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தெரிகிறது. போன வாரம் ஒரு துண்டு பைக் நிறுத்தும் இடத்தில் விழுந்தது. ஆள் யாரும் இல்லாததால் தப்பித்தோம். மேலே பூசி மறைத்தால் அடுத்த மழைக்கே திரும்பவும் பெயர்ந்து வரும். அதனால் உடைத்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. சத்தமும் தூசியும் நிறைய இருக்கும், இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

வேலை பிப்ரவரி 2, திங்கட்கிழமை தொடங்கி பிப்ரவரி 21, சனிக்கிழமை வரை நடக்கும். முதல் வாரம்தான் மோசம்: மொட்டை மாடியின் பழைய தட்டோட்டையும் அதன் அடியில் இருக்கும் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தையும் பெயர்த்தெடுப்பார்கள். பிறகு சன்ஷேட், அப்புறம் வாட்டர்ப்ரூஃபிங். பொதுத்தேர்வுக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால்தான் இந்தத் தேதிகள்.

உடைக்கும் மெஷின் காலை 10 முதல் 1 மணி வரை, மாலை 3 முதல் 5 மணி வரை மட்டுமே ஓடும். இடைப்பட்ட இரண்டு மணி நேரம் பெரியவர்களும் கைக்குழந்தைகளும் தூங்குவதற்கு. பூச்சு, சாரம் கட்டுவது போன்ற சத்தம் குறைந்த வேலை காலை 9 முதல் மாலை 6 வரை. சனிக்கிழமை மெஷின் கிடையாது. ஞாயிறு வேலையே கிடையாது. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கு இந்த நேரம் எந்த வகையிலும் பொருந்தாது என்பது தெரியும். முதல் வாரம் மட்டும் உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அதையே சொல்கிறோம்.

கட்டடத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டப்படும். இடிபாட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, சாக்கில் கட்டிக் கப்பியில் இறக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று. மேலிருந்து கொட்டினால் உடனே செயலாளரைக் கூப்பிடுங்கள். லிப்டில் ஒரு மூட்டைகூட ஏறக்கூடாது. யார் சொன்னாலும் சரி. தெருவிலும் மழைநீர் வடிகால் ஓரத்திலும் குவிக்காமல், மூட்டைகளை அன்றன்றே லாரியில் ஏற்றுவார்கள்.

இதையெல்லாம் மீறித் தூசி வரும். மெஷின் ஓடும் நேரத்தில் ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். ஏசியின் வெளி யூனிட்டைத் துணியால் மூடினால், அந்த நேரத்தில் ஏசியைப் போடாதீர்கள். காற்று போக வழியில்லாமல் சூடாகிக் கெட்டுவிடும். வீட்டில் படிந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் பறந்து மறுபடி படியும், ஈரத்துணியால் துடையுங்கள். பால்கனியில் உள்ள தொட்டிச் செடி, துணிக்கொடி எல்லாவற்றையும் 1ஆம் தேதி மாலைக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். பின்பக்கம் நிறுத்தும் வண்டிகளைப் பகலில் முன்பக்கமோ தெருவிலோ நிறுத்துங்கள்.

மொட்டை மாடிக் கதவு 21ஆம் தேதி வரை பூட்டியே இருக்கும். வடாம் போடும் பருவம் என்று மாமிகள் ஏற்கெனவே மனு கொடுத்துவிட்டார்கள். மன்னிக்கவும், இந்த வருடம் மார்ச்சில்தான். மேல்நிலைத் தொட்டியையும் சம்ப்பையும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுவோம். தொட்டியைக் கழுவ 8ஆம் தேதி, ஞாயிறு காலை 7 முதல் 11 வரை தண்ணீர் வராது. முந்தின நாளே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் மாடியில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கி வைத்துப் பார்ப்போம். அது 18, 19 தேதிகளில். மூன்றாவது மாடிக்காரர்கள் அந்த இரண்டு நாளும் சீலிங்கை, குறிப்பாக பாத்ரூம் மூலைகளையும் பேன் கொக்கியையும் பார்த்து, ஈரம் தெரிந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகுதான் கொடுக்கப்போகிறோம். வீடு பூட்டியிருந்தால் யாராவது ஒருவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகவும்.

சொந்த வீட்டுக்குள் டைல்ஸ் மாற்றுவது, சுவரில் துளை போடுவது என்று யாருக்காவது வேலை இருந்தால், அதையும் முதல் வாரத்தில் மேலே சொன்ன மெஷின் நேரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். எப்படியும் சத்தம்தான், ஒரே தடவையில் போகட்டும். ஆனால் பிப்ரவரி 22 முதல் ஏப்ரல் கடைசி வரை எந்த வீட்டிலும் துளை போடவோ உடைக்கவோ அனுமதி இல்லை. குழாய் வெடிப்பு போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு.

வேலையாட்களுக்கு வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்துக் கழிப்பறை திறந்திருக்கும். குடிதண்ணீர் கேன் சங்கம் வைக்கும். அவர்களை நேராகக் கூப்பிட்டு "இதையும் கொஞ்சம் பார்த்துக் கொடுப்பா" என்று வேலை சொல்லாதீர்கள். அப்படித்தான் போன முறை ஒரு வாரம் இழுத்தது. குழந்தைகளைச் சாரத்தின் பக்கம் விடாதீர்கள்.

செலவு சேமிப்பு நிதியிலிருந்து. இப்போதைக்குத் தனி வசூல் இல்லை. புகார் இருந்தால் வாட்ச்மேனிடம் உள்ள நோட்டில் வீட்டு எண்ணோடு எழுதுங்கள். தினமும் மாலை 6 மணிக்கு மேஸ்திரியோடு உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுத்தான் ஆட்களை அனுப்புவோம்.

செயலாளர்
(நிர்வாகக் குழுவுக்காக)