உறுப்பினர் கட்டணம் செலுத்தப்படாதது குறித்தும் உங்கள் சலுகைகள் குறித்தும்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இம்மாதம் 3ஆம் தேதி தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டிய உறுப்பினர் கட்டணம், நம் வானியல் சேனலின் உறுப்பினர்களில் 27 பேருடைய கணக்குகளிலிருந்து எடுக்கப்படவில்லை. அந்த 27 பேருக்கு மட்டுமே இக்கடிதத்தை அனுப்புகிறேன். நீங்கள் விலகிவிட்டதாக நாங்கள் கருதவில்லை. உங்களை யாரும் நீக்கவும் இல்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்றாண்டுகளாக நம்முடன் இருக்கும் ஒருவர், கட்டணம் செல்லவில்லை என்ற அறிவிப்பைக் கண்டதும், "நான் ஏதேனும் தவறாகப் பேசிவிட்டேனா?" என்று கேட்டு எழுதியிருந்தார். அதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. தளம் தானாக அனுப்பும் அந்த ஒற்றை வரி அறிவிப்புக்கு முன்பே நான் எழுதியிருக்க வேண்டும், எழுதாததற்கு மன்னிக்கவும்.

கட்டணம் ஏன் செல்லவில்லை என்பதை என்னால் பார்க்க முடியாது. உங்கள் பெயர், உறுப்பினர் நிலை, சேர்ந்த தேதி ஆகியவற்றுடன் 'கட்டணம் நிறைவேறவில்லை' என்ற குறிப்பு மட்டுமே என் திரையில் தெரியும். கார்டு எண்ணோ வங்கியின் பெயரோ எனக்குத் தெரியாது. பெரும்பாலும் கார்டின் காலம் முடிந்திருக்கும், அல்லது பழைய கார்டு தொலைந்து புதியது வந்த பின் அதன் எண்ணைத் தளத்தில் மாற்றியிருக்க மாட்டீர்கள். கணக்கில் அன்றைக்குப் போதிய இருப்பு இல்லாமல் போவதும், தானாக எடுக்கப்படும் தொகைக்கு வங்கி கேட்ட ஒப்புதல் உங்கள் கண்ணில் படாமல் போவதும் உண்டு. பணம் கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தும் கட்டணம் நிறைவேறாதவர்கள், அத்தொகை திரும்பி வந்துவிட்டதா என்று வங்கிக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். வரவில்லையெனில் வங்கியிடம்தான் கேட்க வேண்டும்.

இனி சலுகைகள். வரும் 10ஆம் தேதி வரை எதுவும் மாறாது. அதற்குள் தளம் மீண்டும் கட்டணத்தை எடுக்க முயலும். அதுவும் நிறைவேறாவிட்டால் 11ஆம் தேதி முதல் உங்கள் உறுப்பினர் நிலை நிறுத்திவைக்கப்படும். அப்போது நேரலைச் சாட்டில் பெயருக்கு அருகே தெரியும் பேட்ஜும் உறுப்பினர்களுக்கான எமோஜிகளும் மறையும், உறுப்பினர்களுக்கு மட்டுமான காணொலிகள் பூட்டப்பட்டிருக்கும். நீங்கள் ஏற்கெனவே இட்ட கருத்துகள் அப்படியே இருக்கும். நிறுத்திவைக்கப்பட்ட நாள்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் நிறைவேறும் நாளிலிருந்தே புதிய மாதம் கணக்கிடப்படும்.

நிறுத்திவைப்பு 30 நாள்கள் நீடிக்கும். அதற்குள் கட்டணம் சென்றுவிட்டால் பேட்ஜும், இத்தனை மாதங்கள் உறுப்பினராக இருந்த கணக்கும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 30 நாள்கள் கடந்தால் உறுப்பினர் நிலை முடிந்துவிடும். பிறகு சேர்ந்தாலும் முதல் மாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. ஆகவே ஒன்றை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: அவசரத்தில் இந்த உறுப்பினர் நிலையை ரத்து செய்துவிட்டுப் புதிதாகச் சேராதீர்கள், வேறொரு கணக்கிலிருந்தும் சேராதீர்கள். இருக்கும் கணக்கிலேயே கட்டண முறையைத் திருத்தினால் போதும். கைபேசிச் செயலி வழியாகச் சேர்ந்தவர்கள் அந்தச் செயலிக் கடையின் சந்தாப் பகுதியிலும், கணினியில் சேர்ந்தவர்கள் தளத்தின் உறுப்பினர் பக்கத்திலும் திருத்த வேண்டும். ஒன்றில் சேர்ந்துவிட்டு மற்றொன்றில் தேடினால் அந்தப் பகுதியே கண்ணில் படாது; போன முறை பலர் தடுமாறியது இங்கேதான்.

என் பொறுப்பில் உள்ளவற்றை நானே பார்த்துக்கொள்கிறேன். மாதாந்திரக் கேள்வி நேரத்துக்கு நீங்கள் முன்பே அனுப்பிய கேள்விகள் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. வியாழனின் நிலவுகளைச் சிறிய தொலைநோக்கியில் பார்ப்பது பற்றி வந்த கேள்விக்கு, அதைக் கேட்டவரின் கட்டணம் அதற்குள் சென்றாலும் செல்லாவிட்டாலும் 18ஆம் தேதி நேரலையில் பதில் சொல்லப்படும். அந்த நேரலையைப் பார்க்க இயலாதவர்களுக்கு, உறுப்பினர் நிலை திரும்பியதும் அதன் பதிவு திறந்திருக்கும். வெளியான காணொலிகளின் நன்றிப் பட்டியலிலிருந்து எவர் பெயரும் எடுக்கப்படாது.

இம்மாதம் கட்டணம் செலுத்தும் நிலையில் இல்லாதவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பொதுக் காணொலிகள் எப்போதும்போல உங்களுக்காகவும்தான்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இத்தகைய சமயங்களில் சேனலின் படத்தையும் பெயரையும் போட்டுக்கொண்டு, "கட்டணத்தைச் சரிசெய்து தருகிறோம்" என்று கருத்துப் பகுதியில் அணுகும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். கார்டு எண், ஓடிபி, கடவுச்சொல் ஆகியவற்றை நாங்கள் ஒருபோதும் கேட்க மாட்டோம். இக்கடிதத்தில் எந்த இணைப்பையும் நான் சேர்க்காததும் அதனால்தான். செயலியையோ தளத்தையோ நீங்களே திறந்து திருத்துங்கள்.

திருத்திய பிறகும் 24 மணி நேரத்துக்குள் பேட்ஜ் திரும்பாவிட்டால், நீங்கள் சேர்ந்த மாதத்தையும் சாட்டில் தெரியும் உங்கள் பெயரையும் மட்டும் குறிப்பிட்டு இக்கடிதத்துக்கே பதில் எழுதுங்கள். அதைத் தளத்தின் உதவிக் குழுவிடம் கொண்டு செல்வது என் பொறுப்பு.

அன்புடன்,
சேனல் மேலாளர்