திருப்புதல் அட்டவணையைக் குறைக்க உதவி வேண்டும், மிஸ்

வணக்கம் மிஸ். பொதுத்தேர்வுக்கு நான் போட்ட டைம்டேபிளை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு எதை வெட்டலாம் என்று சொல்ல முடியுமா?

காலை 4.30க்கு உயிரியல், பள்ளிக்குப் போகும் முன் தமிழ் மனப்பாடப் பாடல். மாலை உங்கள் டியூஷன் முடிந்து வந்தால் இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், கணிதம் நான்கும் இரவு 11.30 வரை ஓடுகின்றன. கடைசியில் வரும் கணிதம்தான் தினமும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகிறது. அது எனக்கு ரொம்பக் கவலையாக இருக்கிறது மிஸ், ஏனென்றால் கட்ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்துதான் இன்னொரு 100. இன்ஜினியரிங்தான் என்று வீட்டிலும் முடிவாகிவிட்டது.

அதனால் கணிதத்தை டியூஷன் முடிந்த கையோடு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தமிழ், ஆங்கிலத்தை வார இறுதிக்கு மாற்றினால் போதுமா? உயிரியலைத் தினமும் படிக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் படித்தால் மறந்துவிடுமோ என்று பயம்.

அப்புறம், கணிதத்தில் 12 பாடங்களையும் ஒரே அளவு திருப்ப நேரமில்லை. அணிகள், கலப்பு எண்கள், தனிநிலைக் கணிதம் நன்றாக வருகிறது. வெக்டரும் வகைக்கெழுச் சமன்பாடுகளும்தான் இழுக்கின்றன. தெரிந்த பாடங்களுக்குப் பழைய வினாத்தாள் மட்டும் போட்டுப் பார்த்தால் சரியா?

அம்மா 10.30க்கே படுக்கச் சொல்கிறார். அதற்குள் முடிகிற மாதிரி அமைத்துத் தாருங்கள் மிஸ். நாளை டியூஷனுக்குப் பத்து நிமிடம் முன்னதாக வரட்டுமா?