தீபாவளி 2026: நிறுவனங்களுக்கான பரிசுப் பெட்டிகள்

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலையே உங்கள் ஊழியர்களில் பலர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். பெட்டியைப் பரிசாகப் பெறுபவர் அதை எப்படித் தூக்கிச் செல்வார், வீட்டில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்ற இரண்டையும் பார்த்துத்தான் இவற்றைக் கட்டியிருக்கிறோம்.

| பெட்டி | விலை (வரி உட்பட) | எடை | கெடாத காலம் | பொருந்துவது |
|---|---|---|---|---|
| கரிசல் | ரூ. 480 | 950 கிராம் | 30 நாள் | ஆலை, கடை ஊழியர்கள் |
| நெய் மணம் | ரூ. 850 | 1.1 கிலோ | 12 நாள் | அலுவலக ஊழியர்கள் |
| கொட்டான் | ரூ. 1,650 | 1.1 கிலோ | 45 நாள் | வாடிக்கையாளர்கள், வெளியூர் முகவர்கள் |
| விளக்கு | ரூ. 3,400 | 2.3 கிலோ | விளக்குக்குக் கெடு இல்லை | நெடுநாள் வாடிக்கையாளர்கள் |

கரிசல்
கோவில்பட்டி கடலை மிட்டாய், சாத்தூர் காராச்சேவு, மணப்பாறை முறுக்கு, எள்ளுருண்டை. ஒவ்வொன்றும் 200 கிராம். கடலை மிட்டாய்க்கு 2020இலும் முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மணப்பாறை முறுக்கை எண்ணெயில் இரண்டு முறை பொரிப்பார்கள்; அந்த மொறுமொறுப்புக்குக் காரணம் அதுதான். நொறுங்கக்கூடாது என்பதற்காக முறுக்கை மட்டும் தனி டப்பாவில் அடுக்குகிறோம். பெட்டி செவ்வகமாக, கைப்பிடியோடு இருக்கும். பஸ்ஸில் மேல்தட்டிலும் நிற்கும், மடியிலும் நிற்கும். நூறு பேருக்கு மேல் கொடுப்பதானால் யோசிக்காமல் இதையே எடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கடலை மிட்டாய்க்குப் பதில் பொரி உருண்டை வைத்துவிடுகிறோம்.

நெய் மணம்
நெய் மைசூர்பாகு 250 கிராம், அதிரசம் 6, மிக்சர் 250 கிராம், தீபாவளி லேகியம் 100 கிராம். பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் கை வைப்பது மைசூர்பாகில்தான். பெரியவர்கள் லேகியத்தைத் தேடுவார்கள். நான்கில் சுவைக்கு முதலிடம் இதற்கே. ஆனால் நெய்ப் பண்டத்துக்கு ஆயுள் குறைவு. நவம்பர் 3க்கு முன் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுவோம். கிளை அலுவலகங்களுக்குப் பார்சலில் போக வேண்டியிருந்தால் இது வேண்டாம், கொட்டானுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஏன் இல்லை என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். எங்களுக்கும் ஆசைதான். சில நாளில் புளித்துவிடும் பண்டத்தை உங்கள் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டியில் வைத்து அனுப்ப மனம் வரவில்லை.

கொட்டான்
செட்டிநாட்டுப் பெண்கள் பனை ஓலையில் முடையும் கூடைதான் இதன் அழகு. உள்ளே முந்திரி 200 கிராம், பாதாம் 150, உலர் திராட்சை 150, உடன்குடி கருப்பட்டி 250. எண்ணெயோ நெய்யோ கிடையாது. தீபாவளி கொண்டாடாத வாடிக்கையாளருக்கும் தயங்காமல் கொடுக்கலாம். பண்டம் தீர்ந்த பிறகு கூடை வீட்டிலேயே தங்கும். ஓலையில் பெயர் அச்சிட முடியாது. துணிப்பட்டியில் நெய்து கட்டித் தருகிறோம். எல்லாம் கைமுடைவு என்பதால் 150 கூடைக்கு மேல் வேண்டுமானால் அக்டோபர் 5க்குள் உறுதி சொல்ல வேண்டும்.

விளக்கு
நாச்சியார்கோவிலில் வார்த்த எட்டு அங்குலப் பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, கால் கிலோ காபித்தூள், கால் கிலோ முந்திரி. அடிப்பாகம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகக் கழற்றிப் பஞ்சு விரித்த பெட்டியில் வைக்கிறோம், திருகினால் பொருந்திவிடும். கனமான பெட்டி, ஊழியர் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்புவதற்கு ஏற்றதல்ல. நேரில் போய்க் கொடுக்க வேண்டிய பத்து இருபது பேருக்கு மட்டும் வாங்குங்கள்.

கணக்குப் பிரிவினருக்கு
பரிசாகக் கொடுக்கும் பொருளுக்குச் செலுத்திய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியாது. சட்டத்தின் 17(5)(h) பிரிவு தடுக்கிறது. எனவே பல கடைகளின் விலைப்பட்டியலை ஒப்பிடும்போது வரி சேர்ந்த தொகையையே பாருங்கள். "வரி தனி" என்று எழுதிய குறைந்த விலை, பில் வரும்போது குறைந்ததாக இருக்காது. கோயம்புத்தூர், திருப்பூருக்குள் டெலிவரி கட்டணம் இல்லை.

பட்டாசு எந்தப் பெட்டியிலும் சேர்க்க மாட்டோம். ரயிலில் கொண்டுபோவது குற்றம், பார்சலிலும் எடுக்க மாட்டார்கள்.

குறைந்தபட்ச ஆர்டர் 25 பெட்டி. விளக்குக்கு மட்டும் 5. பெயர் அச்சிடுவதானால் அக்டோபர் 15, வெறும் பெட்டியானால் அக்டோபர் 26 கடைசி நாள். பாதிப் பணம் முன்பணம், மீதி பொருள் வந்து சேர்ந்த பிறகு. ருசி பார்த்து முடிவு செய்ய விரும்பினால் எந்தப் பெட்டியிலும் ஒன்றை மாதிரியாக வாங்கிக்கொள்ளலாம். ஆர்டர் உறுதியானதும் அதன் விலையைப் பில்லில் கழித்துவிடுவோம்.